நாய்க்காக உயில் எழுதறீங்களா? செயின் ஒருத்தர் கையில், பணம் இன்னொருத்தர் கையில்

கொஞ்ச நாளைக்கு முன்னாடி காலமான ஒரு பெரியவரோட கடைசி வருமான வரிக் கணக்கைத் தாக்கல் பண்ற வேலை என்கிட்ட வந்தது. கல்யாணம் ஆகாதவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்ல அவரும் ராஜான்னு ஒரு நாயும் மட்டும்தான். ஃபைல்ல உயிலோட நகலும் இருந்தது. அதுல ஒரு வரி: “என் அண்ணன் மகனுக்கு ரூபாய் ஐந்து லட்சம் கொடுக்கிறேன். அதைக் கொண்டு என் நாய் ராஜாவை அவன் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

படிக்கும்போது எனக்கும் நல்ல ஏற்பாடாத்தான் தெரிஞ்சது. ஆள் பேர் இருக்கு, தொகை இருக்கு, எதுக்காகன்னும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

பணம் அண்ணன் மகன் கணக்குக்குப் போய் ஏழாவது வாரம், ராஜா ஒரு விலங்குக் காப்பகத்துல இருந்தது. அந்தப் பையன் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். வாடகை வீடு, ஓனர் நாய் வேண்டாம்னு சொல்லிட்டார், வீட்ல சின்னக் குழந்தை. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க, பெரியவர் ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராஜாவுக்கு தினமும் சோறு வெச்சவங்க, என்கிட்ட வந்து கேட்டாங்க: “ஏன் சார், நாயை விட்டுட்டான்ல, அப்போ பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாதா?”

முடியாது. ஏன் முடியாதுன்னு புரிஞ்சுட்டா, உங்க உயில்ல அந்தப் பத்தியை எப்படி எழுதணும்னு பாதிக்கு மேல புரிஞ்ச மாதிரி. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சட்டத்தின் கண்ல உங்க நாய் ஒரு அசையும் சொத்து. பைக், தங்கச் செயின், லேப்டாப் வரிசையில அதுவும் ஒண்ணு. கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கும். சொத்தா இருக்கிற ஒண்ணு இன்னொரு சொத்தை வெச்சுக்க முடியாது. அதனால “என் நாய்க்கு 5 லட்சம்”னு நேரடியா எழுதினா அது நிக்காது. டிரஸ்ட் போட்டு நாயையே பயனாளியா வைக்கலாம்னு பார்த்தாலும் வழி இல்லை. 1882ஆம் வருஷத்து இந்திய அறக்கட்டளைச் சட்டத்தோட 9ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர் மட்டும்தான் பயனாளி ஆகலாம்னு சொல்லுது. அமெரிக்காவுல செல்லப்பிராணிக்குன்னே தனி டிரஸ்ட் சட்டம் இருக்கு. அந்த வீடியோக்களைப் பார்த்துட்டு இங்கே “பெட் டிரஸ்ட்” பத்திரம் போட்டுத் தரச் சொல்லிப் பலர் கேட்கறாங்க. அந்தச் சட்டம் நம்ம ஊர்ல இல்லை.

நாய்க்குக் கொடுக்க முடியலைன்னா, நாயைப் பார்த்துக்கப் போற மனுஷனுக்குக் கொடுப்போம். ராஜாவோட பெரியவரும் அதைத்தான் செஞ்சார். இங்கேதான் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தோட 138ஆம் பிரிவு வருது. ஒருத்தருக்கு ஒரு தொகையை முழு உரிமையோட கொடுத்துட்டு, அதை இன்ன விதமாத்தான் செலவு பண்ணணும்னு உயில்ல சேர்த்து எழுதினா, அந்தச் சேர்த்து எழுதின பகுதி இல்லாத மாதிரியே அவர் பணத்தை வாங்கிக்கலாம். சட்டத்துலயே இதுக்கு உதாரணம் கொடுத்திருக்காங்க: கிராமத்துல ஒரு வீடு வாங்கறதுக்குன்னு ஒருத்தருக்குப் பணம் எழுதி வைக்கறாங்க, அவர் “வீடு வேண்டாம், பணமாவே கொடுங்க”ன்னு கேட்டா கொடுத்தாகணும். இந்தப் பிரிவு இந்துக்கள் எழுதற உயிலுக்கும் பொருந்தும்.

இப்போ அந்த வரியைத் திரும்பப் படிங்க. “ஐந்து லட்சம் கொடுக்கிறேன்.” அங்கேயே வேலை முடிஞ்சுது. “அதைக் கொண்டு ராஜாவை” என்கிற ரெண்டாவது வாக்கியம் சட்டப்படி ஒரு ஆசை, அவ்வளவுதான். நாயைத் தெருவுல விட்டுப் பட்டினி போட்டிருந்தா 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொறுப்பா ஒரு காப்பகத்துல கொண்டுபோய்ச் சேர்த்தா அதுவும் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவங்க ஒண்ணும் பேசாம எழுந்து போயிட்டாங்க.

அதனால என்னோட கருத்து இது: நாயைப் பார்த்துக்கிறவர் கையிலயே மொத்தப் பணத்தையும் கொடுக்காதீங்க. அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. செயின் ஒருத்தர் கையில இருக்கட்டும், பணம் இன்னொருத்தர் கையில இருக்கட்டும். ரெண்டாவது ஆள் மாசாமாசம் முதல் ஆளுக்குக் கொடுப்பார், நாய் அங்கே இருக்கிற வரைக்கும். இதை எழுத தனிப் பத்திரம் தேவையில்லை. உங்க உயிலுக்குள்ளேயே ஒரு பக்கம் போதும்.

பெரிய இடத்துலயும் இதே மாதிரி ஒரு ஏற்பாடுதான் இருந்தது. 2024 அக்டோபர்ல ரத்தன் டாடா காலமான பிறகு அவரோட உயில் பத்தி வந்த செய்திகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். டிட்டோ என்கிற ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்துக்கிற பொறுப்பு வீட்டுச் சமையல்காரருக்கு, வளர்ப்புப் பிராணிகளுக்குன்னு 12 லட்சம் ரூபாய் நிதி, அதிலிருந்து ஒவ்வொண்ணுக்கும் மூணு மாசத்துக்கு ஒரு முறை 30,000 ரூபாய்னு செய்தித்தாள்கள்ல வந்தது. அந்த 12 லட்சத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. எனக்குப் பெருசாத் தெரிஞ்சது “மூணு மாசத்துக்கு ஒரு முறை” என்கிற வார்த்தைதான். மொத்தமாக் கொடுத்தா ஒரே நாள்ல கைமாறிடும். தவணையாக் கொடுத்தா, ஒவ்வொரு தவணையப்போவும் “நாய் எப்படி இருக்கு?”ன்னு கேட்க ஒருத்தர் இருப்பார்.

சரி, நம்ம அளவுக்கு வருவோம். ஒரு கிளையன்ட்டோட கணக்கை, அவங்க அனுமதியோட, அடையாளங்களை மாத்திச் சொல்றேன். வயசு 31, சென்னையில ஐ.டி. வேலை, தனியா ஒரு வாடகை ஃபிளாட்ல இருக்காங்க. அம்மா ஊர்ல. ஒரு தம்பி, ஒரு அக்கா, அக்காவுக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு. மூணு வயசுல ஒரு நாட்டு நாய், பேரு மணி. தெருவுல குட்டியாக் கிடைச்சது. அம்மாவுக்கு நாய்னாலே பயம். தம்பிக்குப் பிடிக்கும், ஆனா ஆறு மாசம் வெளிநாடு, ஆறு மாசம் இங்கே. மணி ஒட்டிக்கிற ஒரே வெளியாள், இவங்களோட ஆபீஸ் தோழி. ஊருக்குப் போறப்போ எல்லாம் மணி அந்தத் தோழி வீட்லதான் இருக்கும்.

முதல் கேள்வி, எவ்வளவு பணம்? நெட்ல தேடினா கிடைக்கிற “நாய் வளர்க்க மாசம் இவ்வளவு” கணக்கு எல்லாம் வேண்டாம். உங்க யுபிஐ ஹிஸ்டரியில ஒரு வருஷத்தைப் பாருங்க. இவங்க பார்த்தப்போ சாப்பாட்டுக்கு மாசம் 2,600 வந்தது. தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாத்தையும் பன்னிரண்டால வகுத்தா 900. குளிப்பாட்டறது, அவசரத்துக்கு வெளியே விடறது, இதர செலவு 1,000. மொத்தம் 4,500. வருஷத்துக்கு 54,000.

எத்தனை வருஷத்துக்கு? நல்லாப் பார்த்துக்கிட்டா நாட்டு நாய் பதினஞ்சு வயசு வரைக்கும் இருக்கலாம்னு வெச்சுக்குவோம். பாக்கி 12 வருஷம். 54,000ஐ 12ஆல பெருக்கினா 6,48,000. விலைவாசி ஏறுமேன்னு கேட்பீங்க. ஏறும். பணமும் சும்மா கிடக்காது, டெபாசிட்ல வட்டி வரும். வரி போக மிஞ்சற வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும்னு வெச்சுக்கிட்டு நேராப் பெருக்கிடலாம். இந்த இடத்துல எக்ஸெல் ஷீட் போட்டு ரெண்டு தசமம் வரைக்கும் கணக்குப் பார்க்கிறது வீண் வேலை. வயசான காலத்து வைத்தியத்துக்குத் தனியா ஒரு லட்சம், தோழிக்கு நன்றியா 50,000. மொத்தம் 7,98,000. எட்டு லட்சம்னு வெச்சுக்கலாம்.

இந்த எட்டு லட்சம், இவங்களுக்கு இன்னிக்கே ஏதாவது ஆனாத்தான். மணிக்கு வயசு ஏற ஏற, பாக்கி மாசம் குறையும், தேவையும் குறையும். அதனால உயில்ல “எட்டு லட்சம்”னு போடாம ஒரு கணக்கைப் போட்டோம்: இறந்த தேதியிலிருந்து மணிக்குப் பதினஞ்சு வயசு ஆக எத்தனை மாசம் பாக்கியோ, அந்த எண்ணிக்கையை 4,500ஆல பெருக்கி, அதோட ஒன்றரை லட்சம். மாசக் கணக்கு எப்படி வந்தாலும் 24க்குக் குறையக் கூடாதுன்னும் ஒரு வரி. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த 4,500 பத்தாமப் போகும். அப்போ உயிலை மாத்தி எழுதணும், வேற வழி இல்லை.

அடுத்தது அந்தப் பத்தி. நாங்க எழுதினது ஏறக்குறைய இப்படி இருக்கும். பேர் எல்லாம் எடுத்துட்டேன்:

“என் வளர்ப்பு நாய் மணியை (பெண், பழுப்பு நிறம், மைக்ரோசிப் எண் இன்னது) என் தோழி இன்னாருக்கு அளிக்கிறேன். அவர் ஏற்க இயலாவிட்டால் அல்லது மறுத்தால் இன்னாருக்கு அளிக்கிறேன். மேலே சொன்ன கணக்குப்படி வரும் தொகையை என் சொத்திலிருந்து எடுத்து, என் தம்பி இன்னாரிடம் டிரஸ்டி என்ற பொறுப்பில் ஒப்படைக்கிறேன். அது அவருக்குச் சொந்தமான பணம் அல்ல. மணி உயிரோடு இருந்து, மணியை ஏற்றுக்கொண்டவரின் பராமரிப்பில் இருக்கும் காலம் வரை மட்டும், அப்படிப் பராமரிப்பவருக்கு மாதம் ரூ.4,500 அவர் கொடுத்துவர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதை 6 சதவீதம் உயர்த்த வேண்டும். சிகிச்சைச் செலவை பில்லின் பேரில் தனியாகக் கொடுக்க வேண்டும். பராமரிப்பவர் மணியை வேறு யாரிடமாவது ஒப்படைத்தால் அவருக்கான மாதத் தொகை அன்றோடு நின்றுவிடும். மணி இறந்த பின், அதுவரை பராமரித்தவருக்கு ரூ.50,000 கொடுத்துவிட்டு, மீதியை என் அக்கா மகள் இன்னாருக்குக் கொடுக்க வேண்டும். மணி எனக்கு முன்பே இறந்துவிட்டால் இந்தப் பத்தி செயல்படாது.”

ராஜாவோட உயில்ல இருந்த வரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. அங்கே பணம் அண்ணன் மகனுக்கு முழுசாச் சொந்தமாச்சு, அதனால 138ஆம் பிரிவு உள்ளே வந்தது. இங்கே தோழிக்கு மொத்தத் தொகை ஒருநாளும் சொந்தமாகலை. நாய் தன்கிட்ட இருக்கிற மாசத்துக்கான 4,500 மட்டும்தான் அவங்களுக்கு உரிமை. டிரஸ்டோட பயனாளிகள் தோழியும் அக்கா மகளும், ரெண்டு பேரும் மனுஷங்க. அதனால 9ஆம் பிரிவுலயும் சிக்கல் இல்லை. நாய் இங்கே பணம் வாங்கறது கிடையாது. பணம் எது வரைக்கும் போகணும்னு காட்டற அளவுகோல் மட்டும்தான்.

மீதிப் பணம் யாருக்குங்கிறதுலதான் இவங்க ரொம்ப நேரம் யோசிச்சாங்க. முதல்ல தோழிக்கேன்னு சொன்னாங்க. நான் வேண்டாம்னேன். தோழி மேல சந்தேகம் கிடையாது. நாய் சீக்கிரம் போனா நிறைய மிஞ்சும் என்கிற நிலைமையில யாரையுமே வைக்கக் கூடாது, அவங்களுக்கே அது சங்கடம். அப்போ தம்பிக்குன்னாங்க. அதுவும் வேண்டாம். பில்லைப் பார்த்துப் பணம் கொடுக்கப் போறவர் அவர்தான். கொடுக்காத ஒவ்வொரு ரூபாயும் தனக்கே வரும்னா, மூணாவது முறை எக்ஸ்ரே எடுக்கணும்னு டாக்டர் சொல்றப்போ கை கொஞ்சம் தயங்கும். நாயோட தினசரி வாழ்க்கையில தொடர்பே இல்லாத அக்கா பொண்ணுக்குன்னு முடிவாச்சு. சில பேர் ஒரு விலங்கு நல அமைப்புக்கு எழுதறாங்க, அதுவும் சரிதான். அமைப்போட பதிவுப் பேரைச் சரியா எழுதுங்க.

மைக்ரோசிப் எண் எதுக்குன்னு கேட்டாங்க. பழுப்பு நிற நாட்டு நாய் நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு இருக்கு. எது மணின்னு பத்து வருஷம் கழிச்சு டிரஸ்டி எப்படித் தெரிஞ்சுக்குவார்? தோலுக்கு அடியில அரிசி அளவு சிப், அதுல 15 இலக்க எண், டாக்டர்கிட்ட இருக்கிற ரீடரை வெச்சுப் பார்த்தாத் தெரியும். வருஷத் தடுப்பூசி போடறப்போ அந்த எண்ணோட சேர்த்து ஒரு ரசீதைத் தம்பிக்கு அனுப்பணும்னு ஒரு வரி போட்டோம். மாசாமாசம் வீடியோ கால் போட்டு நாயைக் காட்டச் சொல்றது எல்லாம் எனக்குப் பிடிக்கலை. உதவி செய்ய வந்த தோழியைத் திருடி மாதிரி நடத்தக் கூடாது.

இப்போ எல்லாரும் கோட்டை விடற ஒரு இடம். உயில் சூப்பரா இருக்கு, பணமும் இருக்குன்னு வையுங்க. பணம் எப்போ வரும்? உங்க உயிலை நிறைவேற்றுபவருக்கு, அதாவது எக்ஸிக்யூட்டருக்கு, இறந்த நாளிலிருந்து ஒரு வருஷம் முடியற வரைக்கும் யாருக்கும் எழுதின தொகையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லைன்னு வாரிசுரிமைச் சட்டத்தோட 337ஆம் பிரிவு சொல்லுது. “ஆறு மாசத்துக்குள்ள கொடுக்கணும்”னு உயில்ல நீங்களே எழுதியிருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது, அதையும் உதாரணமாவே சட்டத்துல போட்டிருக்காங்க. காரணம் நியாயமானதுதான். முதல்ல கடனை எல்லாம் அடைக்கணும், சொத்தைச் சேர்க்கணும். ஆனா மணிக்கு அன்னிக்கு ராத்திரியே பசிக்கும்.

இந்த இடைவெளிக்கு உயில் உதவாது. நாங்க செஞ்சது இதுதான்: தோழியோட சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு, யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருத்தர் இறந்தா மற்றவர் இயக்கலாம் என்கிற முறையில. வங்கிப் படிவத்துல ‘ஐதர் ஆர் சர்வைவர்’னு இருக்கும். அதுல 60,000 ரூபாய். ஒரு வருஷச் செலவு, கொஞ்சம் கூடவே. அந்தக் கணக்கை இயக்கற உரிமை தோழிக்கு வந்துடும், ஆனா மிச்சப் பணம் யாருக்குச் சொந்தம்னு குடும்பத்துல யாராவது கேள்வி கேட்கலாம். அதனால “இந்தக் கணக்கில் மீதி இருக்கும் தொகை அவருக்கே” என்கிற ஒரு வரியையும் உயில்ல சேர்த்தோம். இந்தக் கணக்குல சம்பளத்தைப் போடாதீங்க, பெரிய தொகையும் வைக்காதீங்க. அது நாய்க் கணக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது, அந்த எட்டு லட்சம் எங்கே இருக்கு? இவங்க சொன்ன பதில்: “சார், எனக்கு ஒரு கோடி டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கு, பி.எஃப். இருக்கு, எட்டு லட்சம் என்ன பெரிய விஷயமா?” பெரிய விஷயம்தான். டேர்ம் பாலிசிக்கு அம்மா நாமினி. 2015க்கு அப்புறம் இன்ஷூரன்ஸ் சட்டப்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா அந்தப் பணம் அவங்களுக்கே சொந்தம். உயில் அதைத் தொட முடியாது. பி.எஃப்.பும் நாமினேஷன்படி போயிடும், அதை நம்பியும் உயில்ல தொகை எழுத வேண்டாம்.

உயில் தொடக்கூடிய சொத்துன்னு பார்த்தா இவங்ககிட்ட இருந்தது மியூச்சுவல் ஃபண்ட்ல ஆறு லட்சம், ஃபிக்ஸட் டெபாசிட் மூணு லட்சம். ஒன்பது ஆச்சே, போதுமேன்னு தோணும். ஒரு பர்சனல் லோன்ல 1,80,000 பாக்கி. கடனுக்குத்தான் முதல் உரிமை. அது போனா 7,20,000. எட்டு லட்சம் எழுதி வெச்சா, இல்லாத பணத்தை எழுதி வெச்ச மாதிரி ஆகும். லோன் முடிய இன்னும் பதினாலு மாசம். அது வரைக்கும் வைத்தியத்துக்கான ஒரு லட்சத்தை இருபதாயிரமாக் குறைச்சோம். லோன் முடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம்.

ஃபண்டுக்கும் டெபாசிட்டுக்கும்கூட அம்மாதான் நாமினியா இருந்தாங்க. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் நாமினி உரிமையாளர் ஆகிட மாட்டார், உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குத்தான் சேரணும்னு உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர்ல தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா நடைமுறையில பணம் முதல்ல வந்து விழறது நாமினி கையில. நாயைக் கண்டாப் பயப்படற அம்மாகிட்ட போய், துக்க வீட்ல, “நாய்க்கு ஏழு லட்சம் எடுத்து வைங்கம்மா”ன்னு யார் கேட்பா? எக்ஸிக்யூட்டரும் டிரஸ்டியும் தம்பிதான்னு ஆன பிறகு, அந்த ரெண்டுலயும் நாமினியைத் தம்பியா மாத்தச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு கோடி இன்ஷூரன்ஸ் இருக்கு, அவங்களுக்குக் குறை ஒண்ணும் இல்லை. நாமினியை மாத்தினதை அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்கன்னும் சொன்னேன். பிறகு தெரிய வந்தா அது வேற பிரச்னை.

இன்னொரு சின்ன விஷயம். ரொம்பத் துல்லியமா இருக்கணும்னு நினைச்சு “இந்த வங்கியில் இந்த எண் டெபாசிட்டை மணிக்காக ஒதுக்குகிறேன்”னு எழுதிடாதீங்க. டெபாசிட்டை நடுவுல உடைச்சுப் பைக் வாங்கிட்டீங்கன்னா, உயில்ல அந்தப் பத்தியே காலி. குறிப்பிட்டு எழுதின பொருள் இறக்கும்போது கையில இல்லைன்னா, அந்த ஏற்பாடு தானா விழுந்துடும். “என் சொத்திலிருந்து இவ்வளவு தொகை”ன்னு எழுதினா எதை வித்தாவது கொடுத்தாகணும்.

வரியைப் பத்திக் கேட்பீங்க, ஆடிட்டர் ஆச்சே. உயில் மூலமா வர்ற தொகை வாங்கறவருக்கு வருமானம் இல்லை. அந்தப் பணம் டெபாசிட்ல கிடக்கிறப்போ வர்ற வட்டிக்கு மட்டும் வருஷாவருஷம் வரிக் கணக்கு உண்டு. இந்த அளவு தொகைக்கு அது பெரிய தலைவலி இல்லை. தம்பி அதைத் தன் சம்பளக் கணக்கோட கலக்காம, தனிக் கணக்குல வெச்சுக்கிட்டாப் போதும்.

கையெழுத்து விஷயம் சுலபம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை. நீங்க கையெழுத்துப் போடறதைப் பார்த்து ரெண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடணும். அந்தத் தோழியோ தம்பியோ அவங்க துணைவரோ சாட்சியா இருக்க வேண்டாம். கிறிஸ்தவரா இருந்தா, சாட்சி போட்டவருக்கு எழுதின தொகையே செல்லாமப் போகும். இன்னொண்ணும் கவனிங்க: கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் ஆனா அதுக்கு முன்னாடி எழுதின உயில் ரத்தாயிடும், இந்துக்களுக்கு அப்படி இல்லை. முஸ்லிம் நண்பர்களுக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது, கடன் போக மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத வாரிசுகள் சம்மதம் வேணும். நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. பத்தியை நீங்களே எழுதுங்க, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல் படிச்சுப் பார்க்கட்டும். ஒரு பக்கத்தைப் படிக்கிற ஃபீஸ்தான் ஆகும்.

தோழிகிட்ட இன்னும் கேட்கவே இல்லைன்னு கடைசியாத்தான் எனக்குத் தெரிஞ்சது. எல்லாம் எழுதி முடிச்ச பிறகு! உயில்ல பேர் எழுதிட்டா அவங்க ஏத்துக்கணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது. ராஜா விஷயத்துல அண்ணன் மகன்கிட்டயும் யாரும் முன்னாடி கேட்டதில்லை. கேட்டிருந்தா ஹவுஸ் ஓனர் கதை அன்னிக்கே வெளியே வந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவங்க மணியையும் கூட்டிக்கிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாங்க. விஷயத்தைச் சொன்னதும் தோழி முதல்ல திட்டினாங்களாம், சாவு பேச்சு எதுக்குன்னு. அப்புறம் ரெண்டே கேள்வி கேட்டிருக்காங்க. அடுத்த வருஷம் பெங்களூருக்கு மாறினா மணியை அங்கே கொண்டு போகலாமா? வயசாகி வலியில துடிச்சா, டாக்டர் சொன்னா, தூங்க வைக்கலாமா, அதுக்கு யார்கிட்ட கேட்கணும்?

நான் எழுதிக் கொடுத்த பத்தியில ரெண்டுக்குமே பதில் இல்லை. மறுநாள் ரெண்டு வரி சேர்த்தோம். எந்த ஊருக்கும் கொண்டு போகலாம். கால்நடை மருத்துவர் எழுத்துல சொன்னா முடிவு தோழியோடது, யார்கிட்டயும் கேட்க வேண்டாம்.